வீட்டில் தீப்பிடித்தால் காப்பீட்டுக்கு என்ன காகிதம், என்ன படம், பட்டியலை எப்படி எழுதுவது: செட்டிநாட்டு வீடுகளுக்கான கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றி 20 ஆண்டுகளுக்கு மேல் காப்பீட்டு இழப்பு மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். சர்வேயர் வருகிறார் என்று சொன்னதும் ஒரு வீட்டில் ஆச்சி பட்டாவையும் நிலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நிலம் அளக்கிற சர்வேயர் வேறு, எரிந்ததை மதிப்பிடுகிற சர்வேயர் வேறு. இந்தச் சர்வேயரைக் காப்பீட்டு நிறுவனமே அனுப்பும், அவருக்குக் கூலியும் அதுவே கொடுக்கும். நீங்கள் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

கீழே உள்ள பதில்களில் ஒரே வீட்டின் கதை அடிக்கடி வரும். தேவகோட்டைப் பக்கம் ஓர் ஊர், வளவு வைத்த பழைய வீடு. ஒரு மே மாத இரவு இரண்டாம் கட்டில் அடுப்படியும் அதை ஒட்டிய சாமான் அறையும் எரிந்தன. பெயர் வேண்டாம்.

தீயை அணைத்தாச்சு. முதல் நாளே என்ன செய்யணும்?

முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பாலிசியில் இருக்கும் எண்ணில் கூப்பிட்டு, அவர்கள் தரும் கிளெய்ம் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் சொன்னால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவரிடமும் சொல்லலாம், ஆனால் நிறுவனத்தின் எண்ணிலோ மின்னஞ்சலிலோ நீங்கள் சொன்னதற்குத் தடயம் இருக்க வேண்டும்.

அடுத்தது தீயணைப்பு நிலையம். வண்டி வந்து அணைத்திருந்தால் அங்கே பதிவு இருக்கும். தீ விபத்து அறிக்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், கைக்கு வர நாளாகும். அக்கம்பக்கத்தார் தண்ணீர் ஊற்றியே அணைத்திருந்தாலும் நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுத்து, காவல் நிலையத்தில் மனுவை ஏற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். ஊர் விஏஓவிடம் "இன்ன தேதி, இன்ன வீட்டில் தீ விபத்து" என்று ஒரு சான்றும் வாங்கலாம். தீயணைப்பு வண்டி வராத வீடுகளுக்கு இது மிகவும் உதவும்.

கரண்ட்டை நீங்களாகப் போட்டுப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்தது அணைத்தபடியே இருக்கட்டும், மின்வாரிய ஆள் வந்து பார்க்கட்டும்.

வீடு ஒரே கரி, நாத்தம். சுத்தம் பண்ணலாமா?

சர்வேயர் பார்க்கும் வரை வேண்டாம். ஆனால் மேலும் சேதம் ஆகாமல் காப்பது பாலிசிப்படி உங்கள் கடமை. ஓடு சரிந்த இடத்தில் மழை இறங்கும் என்றால் தார்ப்பாய் போடுங்கள். தொங்கும் உத்தரம் ஆள்மேல் விழும் என்றால் இறக்குங்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவிட்டுச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. எரிந்த பாத்திரங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது. தேவகோட்டை வீட்டில் மறுநாள் காலையிலேயே தம்பி ஒருவர் ஆட்டோ பிடித்துவிட்டார். நல்லவேளை, ஆச்சி தடுத்துவிட்டார். போட்டிருந்தால் பித்தளைப் பாத்திரம் இருந்தது என்பதற்கே சாட்சி இல்லை.

தீ தொடங்கிய இடத்தைத் தொடவே வேண்டாம். சுவிட்ச் பெட்டி, கருகிய ஒயர், ஸ்டெபிலைசர் எல்லாம் கிடந்தபடியே கிடக்கட்டும். தீ ஏன் வந்தது என்ற கேள்விக்கு அவைதான் பதில் சொல்லும்.

போனில் எடுத்த படம் போதுமா? எப்படி எடுக்கிறது?

போன் போதும், வரிசைதான் முக்கியம். நூறு படம் அனுப்புவார்கள், எது எந்த அறை என்று எடுத்தவருக்கே தெரியாது. கரி பிடித்த சுவர் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து உள்ளே போங்கள். முதலில் தெருவிலிருந்து முகப்பு, கதவு எண் தெரியும்படி. பிறகு முகப்பைத் தாண்டி, பட்டாசாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று நடக்கிற வழியிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். எரியாத இடத்தையும் எடுக்க வேண்டும். தீ எதுவரை வந்தது, புகை எதுவரை வந்தது என்பது அதில்தான் தெரியும். எரிந்த அறைக்கு வந்ததும் வாசலில் நின்று ஒரு படம், நான்கு மூலையிலும் நின்று நான்கு, கூரை ஒன்று, தரை ஒன்று. அதற்குப் பிறகுதான் பொருள்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எண் எழுதிய துண்டுக் காகிதம் வையுங்கள். சாமான் அறை என்றால் சா-1, சா-2, அடுப்படி என்றால் அ-1, அ-2. முழுப்பொருளுக்கு ஒரு படம், சேதம் தெரிய நெருக்கத்தில் ஒரு படம். மின்சாதனம் என்றால் பின்புறம் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் அச்சடித்த தகடு இருக்கும், கரியை மெதுவாகத் துடைத்து அதையும் எடுங்கள். ஃபிரிட்ஜ் முழுக்க எரிந்தாலும் கம்ப்ரெசர்மேல் உள்ள தகடு பல நேரம் தப்பிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி, நேரம், இடம் பற்றிய விவரமும் போய்விடும். Document என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல் செய்யுங்கள். மூலப்படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாசலிலிருந்து கடைசிக் கட்டு வரை பேசிக்கொண்டே நடந்து ஒரு வீடியோவும் எடுத்து வைப்பது நல்லது.

பட்டியல் எழுதுன்னு சொல்றாங்க. எங்கிருந்து தொடங்கறது?

சீர் சாமானுக்குச் சிட்டை எழுதிய பழக்கம் நம் பக்கத்து வீடுகளுக்கு உண்டு. எவர்சில்வர் தூக்கு இத்தனை, பித்தளைக் குடம் இத்தனை என்று ஒன்று விடாமல் எழுதினார்கள் அல்லவா, அதே கை, அதே பொறுமை போதும். கூடுதலாகச் சில கட்டம் போட வேண்டும், அவ்வளவுதான்.

தேவகோட்டை வீட்டுக்காரர் முதலில் எனக்குக் கொடுத்த பட்டியல் ஒரே வரி: "சாமான்கள் எல்லாம் சுமார் 4 லட்சம்." இதை வைத்து எந்தச் சர்வேயரும் எதையும் செய்ய முடியாது. திருப்பிக் கொடுத்துவிட்டு, அறை அறையாக எழுதச் சொன்னேன். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஓர் அறை. அறைக்குள் வாசலுக்கு இடது கைச் சுவரில் தொடங்கி, சுவரோடு சுவராகச் சுற்றி, நடுவில் இருப்பதைக் கடைசியில். அலமாரி வந்தால் மேல் தட்டிலிருந்து கீழே. இப்படிச் சுற்றினால் மறந்த பொருளும் நினைவுக்கு வரும். வீட்டில் சமையல் செய்பவர் உடன் உட்கார வேண்டும். ஆண்கள் மட்டும் எழுதிய அடுப்படிப் பட்டியலில் பாதி இருக்காது, என் அனுபவம் அது.

ஒவ்வொரு பொருளுக்கும் எழுத வேண்டியவை: எண், பொருள் (கம்பெனி, மாடல், அளவு அல்லது எடை), எத்தனை, எந்த ஆண்டு வந்தது, எப்படி வந்தது (வாங்கியதா, சீரா, பரம்பரையா), சேதநிலை, இன்று புதிதாக வாங்கினால் விலை, என்ன ஆதாரம், எந்தப் படம். அவர்கள் திருத்தி எழுதியதில் இரண்டு வரியைப் பாருங்கள்:

அ-3. ஃபிரிட்ஜ், 240 லிட்டர், ஒற்றைக் கதவு. 1. 2019. வாங்கியது. முற்றிலும் எரிந்தது. ரூ.26,000. கடை பில் நகல், தகடு. படம் 31, 32.

சா-7. ஈயச்சொம்பு. 2. சுமார் 1985. சீர். உருகிவிட்டது, கட்டி 900 கிராம். ரூ.6,000. சீர் சிட்டை, தராசுப் படம். படம் 58.

இரண்டாவது வரியில் எனக்கு அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது. ஈயச்சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், எரிகிற அறையில் சொம்பாக நிற்க வாய்ப்பே இல்லை. ஆச்சி அந்தக் கட்டியைச் சாம்பலில் தேடி எடுத்து, தராசில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். காணாமல் போன பொருளுக்கு இதைவிட நல்ல சாட்சி வேறென்ன இருக்கிறது!

சேதநிலைன்னா எரிஞ்சது, எரியாதது, அவ்வளவுதானே?

நான்கு வகை உண்டு. முற்றிலும் போனது. பழுது பார்த்தால் தேறுவது. புகையும் கரியும் மட்டும் பிடித்தது. தீயணைக்கத் தெளித்த தண்ணீரில் நனைந்து கெட்டது. கடைசி வகையைப் பலர் எழுதுவதே இல்லை, நெருப்பு படவில்லையே என்று. தீயை அணைக்கப் போய் வந்த சேதமும் தீயினால் வந்த சேதம்தான். நனைந்து நாறிப்போன இலவம்பஞ்சு மெத்தையை எழுதலாம், எழுத வேண்டும்.

பித்தளை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கரி பிடித்த பித்தளை அண்டா பார்க்கப் போய்விட்டது போலவே இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் வந்துவிடும். உள்ளே பூசிய ஈயம் போயிருந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்த வீட்டில் 14 பித்தளைப் பாத்திரங்கள். பதினொன்று தேறின, மெருகுக்கும் ஈயப் பூச்சுக்கும் ரூ.5,500 கூலி. மூன்று மட்டும் நெளிந்து ஒட்டு விட்டுப் போயிருந்தன. எனாமல் பாத்திரம் அப்படியல்ல. மேல் பூச்சு கண்ணாடி, சூட்டில் வெடித்துத் தெறித்தால் அதோடு சரி.

பில்லே இல்ல. எல்லாம் அப்பத்தா காலத்துச் சாமான். என்ன பண்றது?

பில் ஒன்றுதான் ஆதாரம் என்று யாரும் சொல்லவில்லை. பொருள் இருந்தது என்று நம்பும்படி காட்ட வேண்டும், அவ்வளவே.

கல்யாண ஆல்பத்தையும் வீடியோவையும் முதலில் எடுங்கள். சாமான் பரப்பி வைத்து எடுத்த படம் ஒன்று இருந்தால் அது பத்து பில்லுக்குச் சமம். உங்கள் ஆல்பமும் எரிந்திருந்தால் சம்பந்தி வீட்டிலோ உறவிலோ ஒரு பிரதி இருக்கும். பொங்கல், பிறந்தநாள், வீட்டு விசேஷம் என்று பேரப்பிள்ளைகள் எடுத்த படங்களின் பின்னணியைப் பாருங்கள். அலமாரி, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கே நின்றுகொண்டிருக்கும். சினிமாப் படப்பிடிப்புக்கு வீடு விட்டவர்களுக்கு இன்னும் வசதி. உங்கள் பட்டாசாலை திரையிலேயே வந்திருக்கும்!

புதுப் பொருள்களுக்கு வேறு வழி. காரைக்குடிக் கடைகளில் உங்கள் போன் எண்ணைச் சொன்னால் பழைய பில்லின் நகல் எடுத்துத் தருவார்கள். இணையத்தில் வாங்கியது அந்தக் கணக்கில் ஆர்டர் பட்டியலில் இருக்கும். கார்டில் கட்டியது வங்கிக் கணக்கு அறிக்கையில் இருக்கும்.

பட்டுச் சேலைக்கு ஒன்று சொல்கிறேன். தேவகோட்டை வீட்டில் 11 பட்டு என்று எழுதியிருந்தார்கள். ஆல்பத்தில் ஆறுதான் தெரிந்தது. அலமாரியின் கருகிய தட்டைக் கிளறிப் பார்த்தோம். பட்டு எரிந்துபோனாலும் ஜரிகை கம்பிவலை போல மிஞ்சியிருந்தது. எண்ணினால் ஒன்பது சேலையின் ஜரிகை. ஒன்பதை ஒப்புக்கொண்டேன். அதனால்தான் சாம்பலைக் கூட்டித் தள்ளாதீர்கள் என்கிறேன்.

ஆதாரம் இல்லாத பொருளுக்கு "ஆதாரம் இல்லை, சுமார் 2005" என்று நேராக எழுதுங்கள். தெரிந்த கடையில் பழைய தேதி போட்டுப் பில் வாங்கி வைப்பவர்கள் உண்டு. பழைய தேதி போட்ட பில்லைச் சர்வேயர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு பொய்க்கு மொத்தக் கிளெய்மையே மறுக்கப் பாலிசியில் இடம் இருக்கிறது.

விலை என்ன போடறது? வாங்கின விலையா, இப்ப உள்ள விலையா?

பாலிசியைப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசி என்றால், வீட்டுச் சாமானுக்கு அதே மாதிரிப் புதுப்பொருள் வாங்கும் விலை. பழைய வகை பாலிசி சந்தை மதிப்பில் எடுத்திருந்தால் தேய்மானம் கழிப்பார்கள். எதுவானாலும் பட்டியலில் இன்றைய புது விலையைப் போடுங்கள், கடையில் ஒரு விலைச்சீட்டு வாங்கி இணையுங்கள். கழிப்பது சர்வேயர் வேலை.

இந்தப் பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே சாமானுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேர்ந்துவிடும். தேவகோட்டை வீட்டுக்குக் கட்டடம் 30 லட்சம், ஆகவே சாமானுக்கு 6 லட்சம். தனித்தனியாக முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழம்பொருள் இதில் வராது. அவற்றுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் இதுதான் அடி வாங்கும் இடம். அந்த வீட்டுத் தேக்கு அலமாரி பர்மாவிலிருந்து வந்தது என்றார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் பழம்பொருளாகக் காப்பீடு இல்லை. அதனால் அதே அளவு தேக்கு அலமாரி இன்று செய்ய ஆசாரி எழுதிக் கொடுத்த ரூ.48,000தான் கணக்கில் வந்தது.

கடைசியில் அந்த வீட்டுக்கு எவ்வளவு கிடைச்சுது?

சாமானுக்குக் கேட்டது ரூ.2,21,400. கிடைத்தது ரூ.1,84,750. வித்தியாசம் எங்கே போனது என்று சொல்கிறேன்.

சேலை இரண்டு குறைந்ததில் ரூ.16,000. பெட்டியில் வைத்திருந்த ரொக்கம் ரூ.12,000 எரிந்துவிட்டது, ரொக்கத்துக்குக் காப்பீடு கிடையாது. நெளிந்த பித்தளையும் ஈயக் கட்டியும் அவர்களிடமே இருந்தன. அவற்றின் பழைய விலை ரூ.5,850 கழிந்தது. மீதி ரூ.2,800, ஸ்டெபிலைசர்.

ஸ்டெபிலைசருக்கு ஏன் இல்லை என்று அவர்களுக்குக் கோபம். தீ அதில்தான் தொடங்கியது. ஷார்ட் சர்க்கியூட்டில் எந்தக் கருவி எரிந்ததோ அந்த ஒரு கருவிக்கு மட்டும் பணம் இல்லை. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த ஃபிரிட்ஜ், கிரைண்டர், அலமாரி எல்லாவற்றுக்கும் உண்டு. "ஷார்ட் சர்க்கியூட் என்றால் ஒன்றும் தர மாட்டார்கள்" என்று ஊரில் பேசுவதைக் கேட்டுக் காரணத்தை மறைக்கிறார்கள். மறைத்தால்தான் சிக்கல்.

கருகிய நோட்டுகளை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். கருகி ஒட்டிப்போன நோட்டை வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நமக்குச் சென்னை.

கட்டடத்துக்கு என்ன காகிதம்? பத்திரமே எரிஞ்சு போச்சே!

சொத்து யாருடையது என்று காட்ட வேண்டும்: பத்திரம் அல்லது பட்டா, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது. பத்திரம் எரிந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம். சி.எஸ்.ஆர். மனுவில் எரிந்த பத்திரத்தையும் குறிப்பிட்டு எழுதிவிடுங்கள். சாமான் பட்டியலில் மட்டும் பத்திரத்தை ஏற்றாதீர்கள், ஆவணங்களுக்கு இழப்பீடு இல்லை.

கதவு, நிலை, உத்தரம், ஆத்தங்குடிக் கல், மின் ஒயரிங் எல்லாம் கட்டடக் கணக்கு. சாமான் பட்டியலில் கலக்காமல் வேறு நோட்டில் எழுதுங்கள். தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன் மூவரிடமும் தனித்தனி எஸ்டிமேட், நீளம் அகலத்தோடு. "தரை வேலை மொத்தம் 60,000" என்று எழுதினால் நிற்காது. எத்தனை சதுர அடி கல் வெடித்தது, ஓர் அடிக்குக் கல் விலை என்ன, பதிக்கும் கூலி என்ன என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. பாலிசி என் பேரில் மட்டும் இருக்கு.

உங்கள் பங்குக்குத்தான் நீங்கள் கேட்க முடியும். வளவு பொது, உள்ளே இருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி என்று நமக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் எந்த அறை யாருடையது என்று வீட்டு வரைபடம் ஒன்று கையால் போட்டு, பங்காளிகள் கையெழுத்து வாங்குங்கள். பொதுச் சாமானைத் தனியே எழுதுங்கள். சித்தப்பா வீட்டு அண்டா உங்கள் பட்டியலில் ஏறிவிட்டால், பணத்தைவிடப் பெரிய சண்டை வரும்.

வருஷத்தில் பத்து மாதம் வீடு பூட்டித்தான் கிடக்கும். அதனால் பிரச்சினை வருமா?

வரலாம். பழைய தீ பாலிசிகளில் கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை இருந்தது. உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிறுவனத்தின் சம்மதத்தைப் பாலிசியில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். வாட்ச்மேன் தங்குகிறார் என்றால் அவர் சம்பளக் கணக்கு, மின் கட்டண ரசீது இரண்டும் வீட்டில் ஆள் இருந்ததைக் காட்டும்.

சர்வேயர் வரும் அன்று என்ன தயாராக இருக்கணும்? அப்புறம் தாமதம் ஆனால்?

கிளெய்ம் படிவம், பாலிசி நகல், தீயணைப்பு அறிக்கை அல்லது விண்ணப்பித்த ரசீது, சி.எஸ்.ஆர்., சொத்துக் காகிதம், சாமான் பட்டியல், கட்டட எஸ்டிமேட், படங்கள், வங்கிக் கணக்கு விவரம். இரண்டு செட். அறைக்கு அறை அழைத்துப் போக, பட்டியல் எழுதியவரே இருக்க வேண்டும். பார்த்துவிட்டுப் போகும்போது இன்னும் என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்ததற்கெல்லாம் ஒப்புதல் வாங்குங்கள்.

படிவம் கொடுக்கக் கெடு உண்டு, பழைய பாலிசிகளில் 15 நாள். தீயணைப்பு அறிக்கை வரவில்லையே என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். படிவத்தையும் பட்டியலையும் கொடுத்துவிட்டு, "அறிக்கை பின்னர் வரும்" என்று குறித்தால் போதும். பட்டியலில் பின்னால் நினைவு வந்ததைச் சேர்க்கலாம், "கூடுதல் பட்டியல்" என்று தேதி போட்டு.

தொகை குறைவு என்று தோன்றினால் எந்த வரியில் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அங்கேயும் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்.